ஆறு வாரம் என்பது எதை எண்ணுகிறது?

இந்திய மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் தாள்களில் ‘6/52’ என்றொரு குறி அடிக்கடி தென்படும். ஆண்டின் 52 வாரங்களுள் ஆறு என்பது அதன் பொருள். ஆங்கிலேய மருத்துவம் விட்டுச்சென்ற சுருக்கெழுத்து. எலும்பிலோ மூட்டிலோ கிருமித்தொற்று ஏற்பட்டவரின் தாளில் அது பெரும்பாலும் நரம்புவழி ஆன்டிபயாட்டிக் மருந்தின் பெயரை ஒட்டி நிற்கும். மொழியறிந்தவர் பார்வையில் அது முற்றுப்பெறாத தொடர். எந்த நாளிலிருந்து ஆறு வாரம்? ஆறு வாரமும் ஊசிதானா? ஆறாம் வார இறுதியில் நோய் தணிந்ததை யார், எதைக்கொண்டு அறிவார்? மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒரே பின்ன எண்ணுக்குள் அவற்றைத் திணித்துவிடுவதால், எத்தனை நாள் மருந்து என்பதும் எந்த வழியாக மருந்து என்பதும் ஒன்றே எனும் மயக்கம் மருத்துவரிடத்தும் நோயாளியிடத்தும் ஒருங்கே நிலைபெற்றுவிட்டது. அந்த மயக்கத்துக்கு விலை கொடுப்பவர் நோயாளியே.

ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். எலும்புத்தொற்றுப் பிரிவுகளில் காணப்படும் பலரின் சாயல்களைச் சேர்த்து வரைந்த கற்பனை மனிதர் அவர். வார்தாவுக்கு அருகிலுள்ள சிற்றூரில் தையற்கடை வைத்திருப்பவர், வயது 56, பத்தாண்டுகளாக நீரிழிவு உண்டு. இடுப்புக்கு மேலே முதுகில் வலி தொடங்குகிறது. நாள் முழுதும் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பவருக்கு முதுகுவலி வருவது வியப்பன்று என்று வீட்டார் கருதுகின்றனர். ஆனால் இவ்வலி இரவில் படுத்தாலும் தணிவதில்லை. மாலையில் இலேசான காய்ச்சலும் சேர்கிறது. உள்ளூர் மருத்துவர் ஐந்து நாளுக்கு லெவோஃப்ளாக்சசின் தருகிறார். வலி சற்றுக் குறைகிறது. பிறகு முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. ஏழாவது வாரத்தில் நாக்பூரில் எடுத்த எம்ஆர்ஐ படம், மூன்றாம் நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளும் அவற்றுக்கிடையே உள்ள வட்டும் அழற்சியுற்றிருப்பதைக் காட்டுகிறது. சி.ஆர்.பி. அளவு லிட்டருக்கு 96 மில்லிகிராம். இயல்பில் அது ஐந்தையொட்டி இருக்க வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய படத்தைக் கண்டவுடன் எழும் முதற்சொல் காசநோய். அது தவறான ஐயமன்று. முதுகெலும்புக் காசநோய் இங்கே மிகுதி. ஆனால் படத்தை மட்டும் நம்பி காசநோய் மருந்துகளைத் தொடங்கிவிடும் வழக்கமும் இங்கே மிகுதி. காசநோய்க் கூட்டு மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எனும் சீழ்க்கிருமியையும் அது கொல்லவல்லது. உண்மையில் இருப்பது சீழ்க்கிருமியாயின், நோயாளி சில நாள் தேறியதுபோல் தோன்றுவார். மருந்து வேலை செய்வதாகவும் தோன்றும். அக்கிருமியை எதிர்க்கும் வேறு துணைமருந்து கூட்டில் இல்லாததால், ரிஃபாம்பிசினுக்கு அடங்காத வகை மெல்லத் தலைதூக்கும். மறுபுறம், உள்ளூர் மருத்துவர் தந்த லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். உண்மையில் இருப்பது காசநோயாயின் அது மறைந்து, தாமதமாக வெளிப்படும். இருபுறமும் கண்கட்டு.

எனவே கால அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒரு செயல் முடிந்திருக்க வேண்டும்: திசு எடுத்தல். கால்கள் வலுவிழக்காமல், இரத்த அழுத்தம் சரியாமல் நோயாளி நிலையாக இருக்கும்வரை, ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவைத்து, சி.டி. படத்தின் வழிகாட்டலில் ஊசி செலுத்தி எலும்புத்துணுக்கை எடுப்பதே முறை. முன்பே மருந்து உட்கொண்டவராயின் ஓரிரு வாரம் காத்திருப்பதுமுண்டு. நோயாளியின் குடும்பத்துக்கு இக்காத்திருப்பு கொடுமையாகத் தோன்றும்; நோய் தெரிந்தபின் மருந்து தராமல் படுக்கவைப்பதை எந்த மகன்தான் பொறுப்பான்? எனினும் இந்தச் சில நாட்களை மிச்சப்படுத்தப்போய், பின்வரும் மாதங்களை இருட்டில் கழிப்பவர் பலர். நம் தையற்காரரின் துணுக்கில் மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்கிறது. இரத்த வளர்ப்பில் கிருமி இல்லை. திசுவில் காசநோய்க்குரிய சிறுமணித் திரள்கள் இல்லை. ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையும் எதிர்மறை. ஆனால் எலும்பில் காசநோய்க் கிருமிகள் எண்ணிக்கையில் குறைவாதலால் அச்சோதனை தவறவிடுவதுண்டு. ஆகவே திரவ ஊடக வளர்ப்பும் வைக்கப்படுகிறது. அதன் இறுதி முடிவுக்கு 42 நாள் ஆகும். விந்தையான ஒற்றுமை: அதுவும் ஆறு வாரம்.

இனி எண்ணிக்கை. அறுவை செய்து சீழும் இறந்த எலும்பும் அகற்றப்பட்டவருக்கு, கடைசியாகத் துப்புரவு செய்யப்பட்ட நாளே முதல் நாள். இவருக்கு அறுவை தேவைப்படவில்லை; பெரிய சீழ்க்கட்டியும் இல்லை. ஆகவே கிருமிக்குப் பொருந்திய மருந்து தொடங்கிய நாளே முதல் நாள். செஃபசோலின் 2 கிராம், எட்டு மணிக்கொரு முறை. கிராமத்தில் விழுங்கிய ஐந்து நாள் மாத்திரை கணக்கில் சேராது. இச்சிறு விவரம் டிஸ்சார்ஜ் தாளில் எழுதப்படாமற்போனால், அடுத்த ஊர் மருத்துவர் அவரவர் எண்ணப்படி ஒரு தொடக்கநாளைக் கற்பித்துக்கொள்வார்.

ஆறு வாரம் என்னும் எண் எங்கிருந்து வந்தது? 1970இல் வால்ட்வோகல், மெடாஃப், ஸ்வார்ட்ஸ் ஆகியோர் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய நெடுங்கட்டுரை அதன் ஊற்றுக்கண்களில் ஒன்று. அவர்கள் தம் நோயாளர் பதிவுகளைத் திரும்பிப் பார்த்து, நான்கு வாரத்துக்கும் குறைவாக நரம்புவழி மருந்து பெற்றோருக்கு நோய் மீளுதல் மிகுதி என்று கண்டனர். சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வன்று அது. அவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளவுமில்லை. இன்று நாம் அறிந்த நல்ல மாத்திரைகள் பல அன்று இல்லை. ஆகவே ‘நீண்ட மருந்து’ என்பதும் ‘நரம்புவழி மருந்து’ என்பதும் அக்காலத்தில் இயல்பாகவே ஒட்டிப்பிறந்தன. பிறகு வந்தோர் இரண்டையும் பிரித்துப் பார்க்க அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டனர்.

கால அளவை மட்டும் தனியே சோதித்த ஆய்வுகளுள் முதுகெலும்புக்கு உரியது பிரான்சில் நடந்தது. 2015இல் லான்செட்டில் வெளியான அவ்வாய்வில் ஆறு வாரம் மருந்து பெற்றோரையும் பன்னிரண்டு வாரம் பெற்றோரையும் ஒப்பிட்டனர். ஓராண்டுக்குப் பின் இரு குழுவிலும் குணமானோர் 90.9 விழுக்காடு. நம் தையற்காரருக்கு ஆறு வாரம் என்று துணிந்து சொல்ல இது போதும். ஆனால் அதே பிரெஞ்சு மருத்துவர்களில் சிலர் அதே வினாவைச் செயற்கை மூட்டுக்குக் கொண்டுசென்று 2021இல் வெளியிட்டபோது விடை மாறியது. ஆறு வாரம் பெற்றோரில் 18.1 விழுக்காட்டினருக்குத் தொற்று நீடித்தது. பன்னிரண்டு வாரத்தாரில் 9.4 மட்டுமே. உலோகத்தின் மேல் கிருமிகள் மெல்லிய ஏடாகப் படர்ந்து, மந்தமாகி, மருந்துக்கு எட்டாமல் கிடக்கும்; அதனால்தான் இவ்வேறுபாடு. எதிர்த்திசையிலும் சான்றுண்டு. நீரிழிவுப் பாதத்தில் தொற்றுற்ற எலும்பை வெட்டி நீக்கியபின் வெட்டுமுனையில் கிருமி எஞ்சியிருந்தால் மூன்று வாரம் வரை போதும் என்கின்றன இன்றைய பன்னாட்டு வழிகாட்டுதல்கள். எலும்பை வெட்டாமல் விட்டால்தான் ஆறு. கால அளவைத் தீர்மானிப்பவை, உள்ளே எஞ்சியிருப்பது என்ன என்பதும் எந்தக் கிருமி என்பதுமே. வடிக்கப்படாத சீழ்க்கட்டி, மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ், செயலிழந்த சிறுநீரகம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால் முதுகெலும்பிலும் எட்டு வாரத்துக்குக் குறையாமல் தருவோர் உளர்; அதற்கு நியாயமுண்டு.

வழியைப் பற்றிய பிரிட்டன் ஆய்வு ஓவிவா என்று அழைக்கப்படுகிறது, 2019இல் வெளியானது. எலும்பு, மூட்டுத்தொற்று கண்ட 1,054 பேரை, அறுவையோ மருந்தோ தொடங்கிய ஏழு நாளுக்குள், முதல் ஆறு வாரத்துக்கு நரம்புவழியில் ஒரு பாதியாகவும் வாய்வழியில் மறு பாதியாகவும் பிரித்தனர். ஓராண்டில் தோல்வி நரம்புவழியில் 14.6 விழுக்காடு, வாய்வழியில் 13.2 விழுக்காடு. மாத்திரை தாழ்ந்ததன்று என்பதே முடிபு. நரம்புக்குழாயால் வரும் தொல்லையோ முன்னவருக்கு 9.4 விழுக்காடு, பின்னவருக்கு 1.

இம்முடிவு இந்தியாவுக்கு வந்து சேர்ந்தபோது இரு வகையாகத் திரிந்தது. ஒரு சாரார் அதை ஏற்கவே மறுத்தனர்: அது அயல்நாட்டு ஆய்வு, நம் கிருமி வேறு, ஊசியே பாதுகாப்பு. மறுசாரார் அதை ‘மாத்திரை போதும்’ என்று சுருக்கிக்கொண்டனர். இரண்டாம் தவறே மிகுந்த கேடு. அவ்வாய்வில் பெரும்பான்மையோர் அறுவை செய்யப்பட்டவர்கள். மாத்திரையைத் தேர்ந்தவர்கள் தொற்றுநோய் வல்லுநர்கள். தேர்வுக்கு அடிப்படை, கிருமி வளர்ப்பும் அதன் மருந்துணர்வும். இரத்தத்திலேயே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பரவியிருந்தோரை அவ்வாய்வு சேர்க்கவில்லை. தையற்காரரின் இரத்த வளர்ப்பில் கிருமி வளர்ந்திருந்தால், இதய வால்வை எக்கோவால் பார்க்காமலும் இரத்தம் தூய்மையாகிச் சில நாள் கழியாமலும் அவருக்கு இவ்வாய்வைச் சான்றாகக் காட்டுவது பிழை.

‘ஸ்டெப் டவுன்’ என்னும் சொல்லாட்சியும் இதில் ஒரு பங்கு குற்றவாளி. ஊசியிலிருந்து மாத்திரைக்குப் படியிறங்குதல் என்று சொல்லும்போதே ஊசி மேற்படி, மாத்திரை கீழ்ப்படி என்றாகிவிடுகிறது. தையற்காரரும் அப்படித்தான் கேட்கிறார்: “ஊசியே போடுங்கள், டாக்டர் சாகேப். மாத்திரையைத்தான் எங்கள் ஊரிலேயே தின்று பார்த்தேனே.” எலும்புக்கு மருந்து கைநரம்பிலிருந்து வந்ததா குடலிலிருந்து வந்ததா என்று தெரியாது, அதை அடையும் அளவே பொருட்டு. அந்த அளவு மருந்துக்கு மருந்து வேறுபடும். செஃபலெக்சின் போன்றவற்றை விழுங்கினால் இரத்தத்தில் எழும் அளவு ஊசியால் எழுவதைவிட மிகக் குறைவு. லெவோஃப்ளாக்சசின், லைனெசோலிட், கிளிண்டமைசின் ஆகியவையோ ஏறத்தாழ முழுதும் குடலால் உறிஞ்சப்பட்டு எலும்பிலும் நன்கு ஊடுருவுபவை. ‘மாத்திரை’ என்று பொதுப்பெயரால் பேசுவதே பயனற்றது.

பதினோராம் நாள். காய்ச்சல் நின்று ஒரு வாரமாகிறது, சி.ஆர்.பி. 34, அவர் தானே எழுந்து நடந்து குளியலறை செல்கிறார், உணவு தங்குகிறது, நரம்புக்குறைபாடு ஏதுமில்லை. மாற்றத்துக்கு இவை போதும். எந்த மாத்திரை? ஐரோப்பிய மருத்துவர் பெரும்பாலும் ரிஃபாம்பிசினுடன் லெவோஃப்ளாக்சசினை எழுதுவார். பிரெஞ்சு ஆய்வில் பலர் பெற்றதும் அக்கூட்டே. இங்கே அது அவ்வளவு எளிதன்று. காசநோய் வளர்ப்பின் முடிவு இன்னும் வரவில்லை; இவ்விரண்டும் காசநோய்க் கிருமியைத் தொடுபவை. சீழ்த்தொற்றோடு காசநோயும் ஒளிந்திருந்தால் ஆறு வாரம் அரைகுறை மருந்து தந்து அதை மறைத்ததாகும். மேலும் அவர் நீரிழிவுக்கு கிளைமெபிரைட் உட்கொள்கிறார். ரிஃபாம்பிசின் அம்மருந்தின் அளவைக் குறைத்துச் சர்க்கரையை ஏற்றும். லெவோஃப்ளாக்சசின் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தவும் கூடும். ஆகவே மருத்துவர் கிளிண்டமைசினைத் தேர்கிறார்: 600 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை. அதற்குமுன் ஆய்வகத்திடம் ஒரு கேள்வி. எரித்ரோமைசினுக்கு அக்கிருமி அடங்குகிறதா? அடங்காவிட்டால் டி-சோதனை செய்யப்பட்டதா? தட்டில் கிளிண்டமைசினுக்குக் கட்டுப்படுவதுபோல் தோன்றி, உடலுக்குள் எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும் வகை உண்டு. அதை அச்சோதனை காட்டிக்கொடுக்கும். இவரது கிருமி எரித்ரோமைசினுக்கும் அடங்குகிறது.

பல இந்திய மருத்துவமனைகளில் இவ்விடத்தில் லைனெசோலிட் எழுதப்பட்டிருக்கும். அது கைக்கு எளிதில் கிடைப்பது, வளர்ப்பு முடிவு இல்லாமலும் துணிந்து எழுதப்படுவது. இரண்டு வாரத்துக்கு மேல் அது எலும்பு மச்சையை அழுத்தும். வாரந்தோறும் இரத்த அணுக்களை எண்ணியாக வேண்டும். நான்கு வாரம் கடந்தால் கால் நரம்புகளும் பார்வை நரம்பும் கெடக்கூடும். பத்தாண்டு நீரிழிவாளரின் பாதம் மரத்துப்போனால் அது மருந்தாலா சர்க்கரையாலா என்று யாரால் சொல்ல முடியும்? போதாததற்கு, மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு மிஞ்சியிருக்கும் சில மருந்துகளுள் அதுவும் ஒன்று.

மாத்திரைக்கு மாறியபின் தோல்வி பெரும்பாலும் மருந்தின் வலுவின்மையால் வருவதில்லை. அது வேறு வாசல்களில் நுழைகிறது. எலும்பு மருத்துவர் வழக்கமாகவே சுண்ணாம்புச்சத்து மாத்திரை எழுதுவார். ஆன்டிபயாட்டிக் சிப்ரோஃப்ளாக்சசினாகவோ லெவோஃப்ளாக்சசினாகவோ இருந்து, இரண்டையும் நோயாளி காலை உணவோடு சேர்த்து விழுங்கினால், குடலிலேயே ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தை எட்டுவது சொற்பம். ஒரே தாளில், அடுத்தடுத்த வரிகளில், ஒரே மருத்துவமனை எழுதித்தந்த இரு மாத்திரைகள்! நம்மவருக்கு அச்சிக்கல் இல்லை, வேறொன்று உண்டு. கிளிண்டமைசின் வயிற்றுப்போக்கைத் தரவல்லது. மூன்று முறை நீராகப் போனால் பொறுத்துக்கொள்ளாமல் அழைக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னாரா? சொன்ன எண்ணில் யாரேனும் எடுத்தாரா?

கண்காணிப்பு என்பது இதுவே. வாரம் ஒரு சி.ஆர்.பி., அணுக்கணக்கு, சிறுநீரக, கல்லீரல் சோதனைகள். வார்தாவிலேயே செய்துகொண்டு முடிவை அனுப்பினால் போதும். சி.ஆர்.பி. விரைந்து இறங்கும்; இ.எஸ்.ஆர். வாரக்கணக்கில் தாமதித்தே இறங்கும். ஆகவே முதல் மாதத்தில் பின்னதைக்கொண்டு அஞ்சுவது வீண். ஒரு தனி எண்ணைவிட அது போகும் திசையே முக்கியம். 34, 18, 11 என்று இறங்கியது மீண்டும் 40க்கு ஏறினால் காரணம் தேட வேண்டும்: மருந்து விட்டுப்போனதா, சீழ்க்கட்டி திரண்டதா, வேறெங்கேனும் தொற்றா? சோதனைகளுக்குக் காத்திராமல் உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகளும் உண்டு: கால் வலுவிழத்தல், சிறுநீர் கட்டுதல், இரவு வலி திரும்புதல்.

கண்காணிப்பில் எம்ஆர்ஐக்கு இருக்கும் இடம் பலர் நினைப்பதைவிடச் சிறிது. ஐந்தாம் வாரத்தில் உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் தையற்காரர் மீண்டும் படம் எடுக்கிறார். எலும்பின் வீக்கம் முன்னிலும் பரந்து தெரிகிறது; அறிக்கை ‘மிகுந்துள்ளது’ என்கிறது. குடும்பம் இடிந்துபோகிறது, ஊர் மருத்துவர் மூன்று மாதம் ஊசி என்கிறார். உண்மையில் ஆறும் எலும்பின் படம் தொடக்க வாரங்களில் மோசமாகத் தெரிவது நன்கறிந்த செய்தி. நோயாளி தேறி, சி.ஆர்.பி.யும் இறங்கியிருந்தால் மறுபடம் எடுப்பதையே அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் வேண்டாமென்கிறது. படத்தில் பொருட்படுத்தத்தக்கது, சுற்றியுள்ள மென்திசுவில் சீழ் கூடியிருக்கிறதா என்பதே. இவருக்குக் கூடவில்லை. நோயைப் பார்க்காமல் படத்துக்கு மருத்துவம் செய்யத் தொடங்கினால் ஆறு வாரம் ஆறு மாதமாகும். ஒவ்வொரு கூடுதல் வாரமும் கடை அடைத்திருக்கும் வாரம்.

ஊசியையே ஆறு வாரமும் வற்புறுத்துவோர் இக்கடைக்கணக்கைப் பார்ப்பதில்லை. வீட்டிலேயே செவிலியர் வந்து நரம்புவழி மருந்து ஏற்றும் ஏற்பாடு பிரிட்டனில் பரவலாக உண்டு. வார்தாவின் சிற்றூருக்கு அது வராது. ஆகவே ஆறு வாரம் ஊசி என்பதன் நடைமுறைப் பொருள், ஆறு வாரம் மருத்துவமனைப் படுக்கை, அல்லது எதிர்த்தெரு லாட்ஜ். துணைக்கிருக்கும் மனைவியின் கூலியும் அதில் போகும். மூன்றாம் வாரத்தில் பணம் தீர்ந்து, எழுதிக்கொடுத்துவிட்டு வெளியேறுகிறவர் மாத்திரைகூட இல்லாமல் வெளியேறுகிறார். பாதுகாப்பு என்று கருதி எழுதிய ஊசியே மருந்தில்லா நிலைக்கு அவரைத் தள்ளுகிறது. இவ்வபாயத்தை எந்த ஒப்பீட்டிலும் ஊசியின் பக்கத்தில் யாரும் எழுதிவைப்பதில்லை.

இவற்றையெல்லாம் ஏற்கும் பிரிவுத்தலைவர் ஒருவர் முதலில் மாற்ற வேண்டியது டிஸ்சார்ஜ் தாளின் ஒரே ஒரு வரியை. ‘6/52’ என்ற இடத்தில், மருந்து தொடங்கிய தேதி, முடியும் தேதி, கிருமியின் பெயர், அம்மாத்திரையைத் தேர்ந்த காரணம், சோதனை நாட்கள், ஒரு தொலைபேசி எண். தையற்காரரின் தாளில் அப்படி எழுதியிருந்தது. ‘காகா, இந்தத் தேதிக்கு முன்னால் யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள், இந்தத் தேதிக்குப் பின் யார் சொன்னாலும் எங்களைக் கேட்காமல் தொடராதீர்கள்’ என்று இளம் மருத்துவர் அதை இந்தியில் படித்தும் காட்டினார். 42ஆம் நாள் சி.ஆர்.பி. 6. மருந்து நிறுத்தப்பட்டது. திசு எடுத்த நாளிலிருந்து எண்ணிய காசநோய் வளர்ப்பு அதற்குச் சில நாள் முன்பே முடிந்திருந்தது, எதுவும் வளரவில்லை. நோய் மீளுமாயின் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் மீளும் என்பதால், நான்கு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மீண்டும் இரத்தம் பார்க்கச் சொல்லித் தேதிகள் குறிக்கப்பட்டன. தாளை அவர் பாலித்தீன் உறையிலிட்டு, கடையில் அளவுநாடா தொங்கும் ஆணியிலேயே மாட்டிவைத்தார்.